வாக்கியத்தை வெட்டினால் வால் எந்தத் துண்டில் நிற்கும்?

மொழிபெயர்ப்பு வரைவுகளைத் திருத்தத் தொடங்குபவர்கள் முதலில் செய்ய விரும்புவது, நீளமான வாக்கியங்களைச் சிறு வாக்கியங்களாக உடைப்பதுதான். அது தேவையான வேலைதான் என்றாலும், உடைக்கும்போது பொருள் எந்த இடத்தில் மாறுகிறது என்பது உடைப்பவரின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. உடைத்த வாக்கியங்கள் தெளிவாக இருப்பதால் அவை சரியாகவும் இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில், ஆங்கிலத்திலிருந்து வரும் மருத்துவத் துண்டுப்பிரசுர வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எப்படிப் பிரிப்பது, பிரிக்கும்போது மூல ஆசிரியர் தயக்கத்துடன் சொன்னதைத் தயக்கத்துடனேயே எப்படி வைத்திருப்பது என்பதைப் பார்க்கலாம். மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே 'வரும்' என்பதற்கும் 'வரக்கூடும்' என்பதற்கும் உள்ள இடைவெளியை நம்பி ஒருவர் மாத்திரையை விழுங்குகிறார் அல்லது நிறுத்துகிறார் என்பதே.

முதலில், இத்தகைய வாக்கியங்கள் ஏன் உருவாகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றிய விளக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிறது. குறைபாடு என்று முதலில் சொல்லிவிட்டு, அது யாருக்கு வரும், அதனால் என்ன ஆகும், அதை எதனுடன் குழப்பிக்கொள்வார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டே போகலாம். படிப்பவருக்கு எதைப் பற்றிப் பேச்சு என்பது முதலிலேயே தெரிந்துவிடுவதால் சுமை கூடுவதில்லை. தமிழில் அந்த விளக்கம் பெயரெச்சமாகிப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் பின்னால் நீண்ட வால், தமிழில் முன்னால் குவிந்த மூட்டையாகிவிடுகிறது. எதைப் பற்றிய விளக்கம் என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் படிப்பவர் நினைவில் சுமக்க வேண்டும். அதற்கு மேல் வினைமுற்றும் கடைசியில்தான் வருகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்துக்கொள்வது நல்லது. நீளம் வேறு, அடுக்கு வேறு. "காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, பிறகு உணவருந்தி, வழக்கமான மாத்திரையை விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்து ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும்" என்பது நீண்ட வாக்கியம்தான். ஆனால் அதைப் படிக்க யாரும் திணறுவதில்லை. வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகின்றன. ஒன்றைப் படித்து முடித்ததும் அதை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். "மருத்துவர் பரிந்துரைத்த மருந்து ஏற்படுத்திய பக்க விளைவைக் குறைக்கக் கொடுத்த மாத்திரை" என்பது அதில் பாதி நீளம்கூட இல்லை, ஆனால் அதற்குள் நான்கு செயல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கின்றன. பிரிக்க வேண்டியது இரண்டாவது வகையை. சொற்களை எண்ணி, இருபதைத் தாண்டினால் வெட்டு என்று விதி வைத்துக்கொள்பவர்கள் முதல் வகையை நாசமாக்கிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இனி நம் வாக்கியத்துக்கு வரலாம். மெட்ஃபார்மின் என்பது இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரை. அதை நெடுங்காலம் எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு உடலில் வைட்டமின் பி12 அளவு குறையக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. இதைப் பற்றிய துண்டுப்பிரசுரத்தின் முதல் வரைவு இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலமாக எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளிகளில் சிலருக்கு, குறிப்பாக அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்களுக்கு, ஏற்படக்கூடிய, நீரிழிவினால் வரும் நரம்புப் பாதிப்பு என்று தவறாகக் கருதப்படக்கூடிய பாத மதமதப்புக்குக் காரணமாக இருக்கக்கூடிய வைட்டமின் பி12 குறைபாடு உள்ளதா என்பதை, அத்தகைய அறிகுறி தோன்றும் நிலையில், பரிசோதிப்பது கருத்தில் கொள்ளப்பட வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது."

இலக்கணப் பிழை என்று இதில் எதையும் சுட்ட முடியாது. எனினும் ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்வது கடினம். இதை ஆர்வமுள்ள புதியவர் ஒருவர் பிரித்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையும். இதனால் பாதத்தில் மதமதப்பு வரும். இதை நீரிழிவினால் வந்த நரம்புப் பாதிப்பு என்று தவறாக நினைக்கிறார்கள். எனவே பி12 பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்."

வாசிக்க எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். அதிலேதான் ஆபத்து. இதைப் படிப்பவர், மெட்ஃபார்மின் எடுக்கும் எல்லாருக்கும் பி12 குறைந்து கால் மதமதத்துவிடும் என்று முடிவு செய்வார். மூலம் அப்படிச் சொல்லவே இல்லை. அச்சம் கொண்டு மாத்திரையையே நிறுத்திவிட்டால், இரத்தச் சர்க்கரை ஏறும் பொறுப்பு இந்த நான்கு அழகான வாக்கியங்களைச் சேரும்.

எது எங்கே தொலைந்தது? வரைவில் 'கூடிய' என்ற சொல் மூன்று முறை வருகிறது: ஏற்படக்கூடிய, கருதப்படக்கூடிய, இருக்கக்கூடிய. பிரித்த வடிவில் அந்த மூன்றும் இல்லை. இது கவனக்குறைவு மட்டுமன்று, தமிழ் வாக்கிய அமைப்பே இதற்கு வழி செய்கிறது. பெயரெச்சம் தனி வாக்கியமாகும்போது அதற்கு ஒரு வினைமுற்று தேவைப்படுகிறது. 'ஏற்படக்கூடிய குறைபாடு' என்பதை வாக்கியமாக்க உட்காரும் கை, 'கூடிய' என்பதை ஒட்டுப்பகுதி என்று நினைத்து உதிர்த்துவிட்டு, முதன்மையான வினையை மட்டும் எடுத்து 'ஏற்படும்' என்று முடித்துவிடுகிறது. அதிலும் தமிழின் 'வரும்', 'குறையும்' என்ற வடிவங்கள் எதிர்காலத்தை மட்டும் குறிப்பதில்லை. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று எப்போதும் உண்மையானதைச் சொல்லவும் அதே வடிவம்தான். ஆகவே 'குறையும்' என்று முடித்தால் அது இயற்கை விதியைப் போல ஒலிக்கிறது.

இன்னொரு வகையிலும் இழப்பு நேர்கிறது. தமிழ் வாக்கியத்தில் தயக்கத்தைக் காட்டும் சொற்கள் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கின்றன: எனத் தெரிகிறது, என்று கருதப்படுகிறது, என்று பரிந்துரைக்கப்படுகிறது. வாக்கியம் ஒன்றாக இருக்கும்வரை அந்த வால் முன்னால் உள்ள எல்லாவற்றையும் ஆண்டுகொண்டிருக்கும். நான்காக வெட்டினால் வால் நான்காவது துண்டிலேயே தங்கிவிடும். முதல் மூன்று துண்டுகளும் வாலில்லாமல், ஆசிரியரே உறுதியாகச் சொன்னது போல நிற்கும். "மழையின்மையால் மண் இறுகி, வேர்கள் ஆழமாகச் செல்லாமல், விளைச்சல் குறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்" என்ற வாக்கியத்தை, "மழையின்மையால் மண் இறுகியது. வேர்கள் ஆழமாகச் செல்லவில்லை. இதனால் விளைச்சல் குறைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்" என்று பிரித்தால், கருத்தாக இருந்த மூன்றில் இரண்டு, நடந்து முடிந்த நிகழ்ச்சிகளாகிவிட்டன. இரண்டு வினையெச்சங்களை வினைமுற்றாக்கி முற்றுப்புள்ளி வைத்ததே இந்த மாற்றத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே, வெட்டுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். நான் வரைவின் ஓரத்தில் பென்சிலால் செய்யும் வேலை இது. வாக்கியத்துக்குள் எத்தனை கூற்றுகள் இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் யாரைப் பற்றியது, எவ்வளவு உறுதியுடன் சொல்லப்பட்டது, யார் சொன்னது, எந்த நிபந்தனையில் என்று நான்கு கேள்விகளைக் கேட்கிறேன். நம் வாக்கியத்தில் நான்கு கூற்றுகள் உள்ளன. பி12 குறைபாடு ஏற்படுவது முதலாவது. அது சிலரைப் பற்றியது, கூடும் என்ற அளவில் சொல்லப்பட்டது, அதிக அளவு எடுப்பவர்கள் குறிப்பாகச் சுட்டப்படுகிறார்கள். குறைபாடு மதமதப்புக்குக் காரணமாவது இரண்டாவது. அதுவும் கூடும் என்ற அளவில்தான். மதமதப்பை வேறொன்றாகக் கருதுவது மூன்றாவது, அங்கும் கூடும். பரிசோதனை பற்றிய பரிந்துரை நான்காவது; அதற்கு அறிகுறி தோன்ற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது, சொன்னவர் யார் என்பது குறிப்பிடப்படவில்லை, பரிசோதிக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை, பரிசோதிப்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றே சொல்கிறது.

எண்ணும்போதே இன்னொன்றும் வெளியே வருகிறது. முதலில் வரும் 'ஏற்படக்கூடிய' என்பது எதைத் தழுவுகிறது? பாத மதமதப்பையா, வைட்டமின் குறைபாட்டையா? வரைவை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது, இரண்டுமே இலக்கணப்படி பொருந்துகின்றன. எனவே மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மூலத்தில், குறைபாடு சிலருக்கு ஏற்படக்கூடும் என்றும், அது மதமதப்பைத் தரக்கூடும் என்றும் வரிசையாகச் சொல்லியிருந்தால் ஐயம் தீர்ந்தது. பிரிக்கும் வேலையை வரைவை மட்டும் பார்த்துச் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அடுக்கிய வாக்கியம் தன் குழப்பத்தை மறைத்து வைத்திருக்கும். பிரித்தால் திருத்துபவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தேர்ந்தெடுத்தது தவறாக இருந்தால் அதன் பிறகு யாருக்கும் ஐயமே வராது.

இப்போது பிரித்த வடிவம்:

"மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலமாக எடுத்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைபாடு ஏற்படக்கூடும். குறிப்பாக, மாத்திரையை அதிக அளவில் எடுத்துக்கொள்பவர்களுக்கு இது ஏற்படக்கூடும். இந்தக் குறைபாடு பாத மதமதப்புக்குக் காரணமாக இருக்கலாம். அந்த மதமதப்பு, நீரிழிவினால் வரும் நரம்புப் பாதிப்பு என்று தவறாகக் கருதப்படவும் கூடும். இத்தகைய அறிகுறி தோன்றினால், பி12 குறைபாடு உள்ளதா என்று பரிசோதிப்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுகிறது."

ஐந்து வாக்கியங்கள், எதுவும் அடுக்கு இல்லாதது. இதில் நான் செய்யாமல் விட்டவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் கை அவற்றை நோக்கியே போகும். 'குறிப்பாக' என்பதை 'அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். தமிழில் அது நன்றாக ஓடுகிறது. ஆனால் குறிப்பாக என்பது கவனத்தைத் திருப்புகிறது, அதிகம் என்பது அளவை ஒப்பிடுகிறது. மூலத்தின் மற்றப் பகுதிகளில் ஒப்பீடு இருந்தால் மட்டுமே அந்த மாற்றத்தைச் செய்யத் துணிவேன். கடைசி வாக்கியத்தின் தொடக்கத்தில் 'எனவே' போடவும் ஆசை வந்தது. அதைப் போட்டால், குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு இருப்பதால்தான் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது என்ற காரண உறவு உருவாகும். அது உண்மையாகவும் இருக்கலாம். மூலம் அதைச் சொல்லவில்லை. வெட்டிய துண்டுகளை ஒட்ட நாம் தேடும் எனவே, இதனால், ஆகையால், ஆனால் ஆகிய சொற்கள் வெறும் பசை அல்ல, ஒவ்வொன்றும் தனிக் கூற்று. துண்டுகளுக்கு இடையே பெயரை மீண்டும் சொல்வதே பெரும்பாலும் போதும்: இந்தக் குறைபாடு, அந்த மதமதப்பு. 'இது' என்று மட்டும் விட்டால், முந்தைய வாக்கியத்தின் எந்தப் பெயரை அது சுட்டுகிறது என்ற புதிய குழப்பம் பிறக்கும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்ற கூச்சத்தை இங்கே விட்டுவிடலாம். அதேபோல், 'பரிந்துரைக்கப்படுகிறது' என்பதில் பரிந்துரைப்பவர் யாரென்று இல்லை. செயப்பாட்டு வினை தமிழுக்கு ஒத்துவராது என்று சொல்லி 'மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்' என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஒருவரைக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைத்ததாகும்.

'-லாம்' என்ற ஈறு

தயக்கத்தைத் தமிழில் காட்ட நம் கைக்கு முதலில் வருவது '-லாம்'. அதை நம்புவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். வரலாம் என்பது வர வாய்ப்புண்டு என்ற பொருளையும் தரும், வர அனுமதி உண்டு என்ற பொருளையும் தரும், நாம் சேர்ந்து வருவோம் என்ற அழைப்பாகவும் இருக்கும். நோய், மழை, விலை போன்றவை எழுவாயாக இருந்தால் குழப்பமில்லை. மதமதப்புக்கு யாரும் அனுமதி தருவதில்லை. எழுவாய் மனிதராக இருந்தால் கதை வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பிரித்துக் கொடுத்த ஒரு துண்டுப்பிரசுரத்தில், வயிற்றுக் கோளாறு காரணமாகச் சில நோயாளிகள் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடும் வாய்ப்பு உள்ளது என்று எச்சரிக்கும் பகுதி இருந்தது. நீண்ட வாக்கியத்திலிருந்து அதைக் கழற்றி, "வயிற்றுக் கோளாறு இருந்தால் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று தனியாக எழுதினேன். அச்சுக்கு முன் படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், "அப்படியென்றால் நிறுத்தினால் ஒன்றும் ஆகாதா, தம்பி?" என்று கேட்டார். அவர் தவறாகப் படிக்கவில்லை. நான் எழுதியதற்கு அதுதான் பொருள். "சில நோயாளிகள் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக்கூடும்" என்று மாற்றியபின், அது அனுமதியாக ஒலிப்பது நின்றது. அடுக்கிய வாக்கியத்துக்குள் இருந்தபோது எச்சரிக்கை என்பது சுற்றுப்புறத்திலிருந்து தெரிந்தது. தனியே நிற்கும் வாக்கியத்துக்கு அந்தச் சுற்றுப்புறம் இல்லை. அன்றிலிருந்து, மனிதர் எழுவாயாக இருக்கும் இடங்களில் சாத்தியத்தைச் சொல்ல '-கூடும்' என்பதையும், அனுமதியைச் சொல்ல மட்டும் '-லாம்' என்பதையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

'-கூடும்' என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதை எதிர்மறையாக்கினால் சாத்தியம் போய்த் தடை வந்துவிடும். 'பயன் தரக்கூடும்' என்பதன் மறுபக்கத்தை 'பயன் தரக்கூடாது' என்று எழுதிவிட முடியாது, அது கட்டளையாகிவிடும். 'பயன் தராமலும் போகலாம்' என்றோ 'பயன் தராமல் இருக்கவும் கூடும்' என்றோ எழுத வேண்டும். 'பயன் தராது' என்று சுருக்கினால் சாத்தியம் முழுமையான மறுப்பாகிவிடுகிறது. எதிர்மறைத் தயக்கம்தான் திருத்தத்தில் மிக அதிகமாகக் காணாமல் போகிறது என்பது என் கணிப்பு, ஏனெனில் அதன் சரியான வடிவம் எப்போதும் சற்று நீளமாகவே இருக்கும். சுருக்க வந்தவரின் கண் அங்கேயே போகும்.

இதற்கு எதிர்த்திசையிலும் தவறலாம். தயக்கம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் எல்லா வாக்கியங்களுக்கும் 'கூடும்' ஒட்டுபவர்கள் உண்டு. "நரம்புகள் இயங்க வைட்டமின் பி12 தேவைப்படக்கூடும்" என்று எழுதினால் அது தவறு. பி12 தேவை என்பதில் ஐயமே இல்லை, மூலமும் அதை உறுதியாகத்தான் சொல்லியிருக்கும். "ஏற்படக்கூடும் என்று கருதப்படலாம்" என்பதைப் போல ஒரே கூற்றின்மேல் இரண்டு தயக்கங்களை ஏற்றுவதும் அப்படித்தான், மூலத்தில் ஒன்றே இருந்தால் இங்கும் ஒன்றே இருக்க வேண்டும். செய்தித்தாள்களில் பழகிய 'வாய்ப்புள்ளது' என்ற சொல்லையும் எடை பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். மூலம் நடந்தாலும் நடக்கும் என்ற அளவில் சொல்கிறதா, நடக்கும் வாய்ப்பே அதிகம் என்கிறதா என்று பார்த்து, இரண்டாவதாக இருந்தால் 'அதிக வாய்ப்புள்ளது' என்றோ 'பெரும்பாலும்' என்றோ வெளிப்படையாக எழுத வேண்டும்.

வெட்டக் கூடாத இடங்கள்

எல்லாப் பெயரெச்சங்களையும் கழற்றிவிட முடியாது. சில பெயரெச்சங்கள் கூடுதல் செய்தியைத் தருகின்றன, சில ஒரு கூட்டத்திலிருந்து சிலரைப் பிரித்தெடுக்கின்றன. "1957-இல் ஃபிரான்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவு சிகிச்சையில் பயன்படுத்தி அறிக்கை வெளியிட்ட மெட்ஃபார்மின், இன்று பரவலாகத் தரப்படுகிறது" என்ற வாக்கியத்தைத் தயங்காமல் இரண்டாக்கலாம். மெட்ஃபார்மின் ஒன்றுதான்; பெயரெச்சத்தை எடுத்துவிட்டாலும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மாறாது. "சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்த நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் தரப்படுவதில்லை" என்பது அப்படியன்று. இங்கே பெயரெச்சத்தை எடுத்துவிட்டால், நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் தரப்படுவதில்லை என்று ஆகிவிடும். அதை அகற்றாமல் முன்னால் தனி வாக்கியமாக்கி, "நோயாளிகளுக்குச் சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்துள்ளது. அவர்களுக்கு மெட்ஃபார்மின் தரப்படுவதில்லை" என்று எழுதினாலும், எல்லா நோயாளிகளுக்கும் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்ற பொருள் வருகிறது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டு வகைகளையும் பிரித்துக்காட்டக் காற்புள்ளி உதவும். தமிழ்ப் பெயரெச்சத்தில் அந்த வேறுபாடு எழுத்தில் தெரிவதில்லை; இரண்டும் ஒரே தோற்றத்தில் நிற்கும். ஆகவே மூலத்தைப் பார்க்காமல் கழற்றுவது சூதாட்டம். வாக்கியம் தாங்க முடியாத அளவுக்கு நீண்டு, பிரித்தெடுக்கும் பெயரெச்சத்தையும் எப்படியாவது வெளியே எடுத்தாக வேண்டுமென்றால், 'சில நோயாளிகளுக்கு' என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் 'இத்தகையவர்களுக்கு மட்டும்' என்று எல்லையை மீண்டும் போட்டுவிட வேண்டும்.

நிபந்தனையையும் விலக்கையும் அதன் கூற்றிலிருந்து பிரிக்காமல் இருப்பதே நல்லது. "மருத்துவர் சொன்னாலன்றி மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்பதை "மாத்திரையை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொன்னால் நிறுத்தலாம்" என்று இரண்டாக்கினால், முதல் வாக்கியம் முழுத் தடையாகவும் இரண்டாவது அதைத் திரும்பப் பெறுவதாகவும் ஆகிவிடுகிறது. இரண்டையும் படிப்பவருக்குப் பொருள் விளங்கும்தான். ஆனால் துண்டுப்பிரசுரத்தின் வாக்கியங்கள் சேர்ந்தே வாழ்வதில்லை. மருந்துக் கடைக்காரர் ஒன்றை மட்டும் படித்துக் காட்டுவார், யாரோ ஒன்றை மட்டும் படமெடுத்து உறவினருக்கு அனுப்புவார்.

சொன்னவர் பெயரை எடுத்துச் செல்வதும் இதைப் போன்றதே. 'என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்' என்ற வால் ஒரு துண்டில் தங்கிவிடும் சிக்கலை மேலே பார்த்தோம். அதற்கு எளிய மருந்து, வாலைத் தலைக்கு மாற்றுவது. "விளைச்சல் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் கருதும் காரணம் இது:" என்று முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் வரும் துண்டுகளில் 'அவர்கள் கணிப்பின்படி' என்றோ 'அவர்கள் கருத்தில்' என்றோ நினைவூட்டிக்கொண்டே போகலாம். அப்போதும் 'இறுகியது' என்று முடிக்காமல் 'இறுகியிருக்கலாம்' என்று முடிக்க வேண்டும். பேச்சுத் தமிழில் இதற்கு அருமையான ஒரு கருவி இருக்கிறது: 'இறுகிவிட்டதாம்' என்ற ஓர் 'ஆம்' போதும், சொன்னது நானில்லை என்பது தெரிந்துவிடும். ஆனால் எழுத்துத் தமிழில் அது, நம்பாதவர் உதட்டைச் சுழிப்பதைப் போலவும் ஒலிப்பதால், அறிக்கைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் அதைப் பயன்படுத்த முடிவதில்லை என்பதில் எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

பிரித்து முடித்தபின் சரிபார்க்க நான் இரண்டு காரியங்களைச் செய்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் மற்றவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு தனியாகப் படிக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூல ஆசிரியரிடம் காட்டினால், 'ஆம், இதை நான் சொன்னேன்' என்பாரா, 'இவ்வளவு உறுதியாக நான் சொல்லவில்லையே' என்பாரா என்று கேட்டுக்கொள்கிறேன். முன்னர் பார்த்த நான்கு அழகான வாக்கியங்களில் முதலாவதே இதில் விழுந்துவிடும். அடுத்து, மூலத்திலும் என் பிரதியிலும் தயக்கச் சொற்களையும், சிலர், குறிப்பாக, மட்டும், தவிர போன்ற எல்லைச் சொற்களையும் அடிக்கோடிட்டு எண்ணிப் பார்க்கிறேன். நம் எடுத்துக்காட்டின் வரைவில் கூடிய மூன்று. பிரித்த வடிவில் கூடும் மூன்று, இருக்கலாம் ஒன்று. ஒன்று கூடியது ஏன்? 'ஏற்படக்கூடிய' என்பதை இரண்டு வாக்கியங்களுக்குப் பங்கிட்டதால், இரண்டுக்கும் ஒவ்வொன்று தேவைப்பட்டது. எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை, வேறுபட்டால் அதற்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும். காரணம் சொல்ல முடியாத வேறுபாடு கண்ணில் பட்டால், அந்த வாக்கியத்தை மீண்டும் ஒட்டிவிட்டு வேறு இடத்தில் வெட்டிப் பார்க்கிறேன்.